ரூட் கெனால் லீவு

செட்டிகுளத்து விவசாயி ஒருவர் எனக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண் போட்டார். வேலையை விட்டுவிடலாமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அப்போது பெரம்பலூரில் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி விற்பது என் வேலை இல்லை. வாங்கிக்கொண்டு போனவர்களுக்குப் போன் போட்டு, வண்டி நன்றாக ஓடுகிறதா என்று விசாரிப்பதுதான் வேலை என்று சேரும்போது சொன்னார்கள். உண்மையான வேலை வேறு. வண்டி தயாரிக்கும் கம்பெனி எங்கோ வெளியூரிலிருந்து எங்கள் வாடிக்கையாளர்களில் சிலரைக் கூப்பிட்டு, ஷோரூமுக்குப் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்கும். ஒன்பதும் பத்தும்தான் நல்ல பேர். ஏழும் எட்டும் கணக்கிலேயே சேராது. அதற்குக் கீழே போனால் கெட்ட பேர். ஆகவே கம்பெனி கூப்பிடும் முன்பே நான் கூப்பிட்டு, கேட்டால் பத்து என்று சொல்லும்படி அவர்களைத் தயார் செய்ய வேண்டும். இப்படித் தயார் செய்யக் கூடாது என்று கம்பெனியே ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதையும் பயபக்தியோடு என் மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தார்கள்.

செட்டிகுளத்துக்காரரிடம் நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வண்டி நல்லாத்தாம்மா ஓடுது. நீயும் மரியாதையாத்தான் பேசற. அதுக்காகப் பத்து எப்படிப் போடறது? எங்க மலை மேல இருக்கற முருகனுக்கே நான் ஒம்போதுதான் போடுவேன். போன வருசம் வெங்காயம் வெல போகல பாரு.”

கம்பெனி கூப்பிட்டபோது ஏழு போட்டுவிட்டார். முருகனுக்கு அடுத்த இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது என்று நான் நினைத்தேன். மேனேஜர் அப்படி நினைக்கவில்லை.

எங்கள் மேனேஜர் நாற்பதைத் தாண்டியவர், எப்போதும் சட்டையை இன் செய்திருப்பார், காலை மீட்டிங்கில் மட்டும் குரல் இரண்டு மடங்காகும். அன்று என்னை எழுந்து நிற்கச் சொல்லி, அந்தப் போன் பேச்சின் பதிவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். முருகன் வந்த இடத்தில் மெக்கானிக்குகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு விவசாயியிடம் பத்து வாங்கத் தெரியாதவள் ஷோரூமுக்கு எதற்கு என்று கேட்டார். மீட்டிங் முடியும் வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அது முதல் தடவை இல்லை. பகலில் வாங்கும் திட்டு போதாதென்று வீட்டுக்கு வந்த பிறகும் வாட்ஸ்அப் குரூப்பில் தொடரும். போன் ஒலித்தாலே தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, “சார், பத்து குடுங்க சார்” என்று விளையாட ஆரம்பித்திருந்தாள். ஒரு பொம்மை எட்டு கொடுத்ததால் அதை நிற்க வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி வைத்து ஓட்டுகிறவர். வெங்காயம், மக்காச்சோளம், கல்யாண வீட்டுச் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவார். கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நாளைக்கே வுட்டுட்டு வா. ஒருத்தன் நிக்க வச்சுக் கேள்வி கேக்க நீ என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளையா? நான் ரெண்டு ட்ரிப்பு சேத்து அடிச்சுக்கறேன்.”

கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு ட்ரிப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அறுவடை நேரத்தில் அவரைப் பிடிக்க முடியாது. மற்ற நாட்களில் குட்டியானை வாசலில் நின்று பூனைகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். வண்டித் தவணையும் பள்ளிக்கூடக் கட்டணமும் அறுவடை பார்த்து வருவதில்லை. என் சம்பளம் சின்னதுதான், ஆனால் மாதா மாதம் வந்துவிடும். இன்னொரு வேலை கிடைக்கட்டும், அதுவரை இருக்கிறேன் என்றேன். அதுவரை உனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டு, கோபத்தில் பாத்திரம் கழுவினார். அவர் கோபப்பட்டால் வீட்டில் இந்த ஒரு நன்மை உண்டு.

மறுநாள் ஷோரூமில் கணக்குப் பார்க்கும் அக்காவிடம் யோசனை கேட்டேன். பல வருடமாக அங்கே இருப்பவர், வந்தவர் போனவர் எல்லோருக்கும் கணக்கு முடித்தவர். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவர் எனக்கு வரிசையாகச் சொன்னார். ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொல்லாமல் போனால் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்துவார்கள். விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ் எதுவும் தரமாட்டார்கள். பி.எஃப். கணக்கில் நான் விலகிய தேதியைப் போடாமல் இழுத்தடிப்பார்கள். அடுத்த இடத்தில் முதலில் கேட்பதே அந்தக் கடிதத்தைத்தான்.

“வேலையில இருந்துக்கிட்டே தேடு புள்ள,” என்றார் அக்கா. “சும்மா இருக்கறவள கேட்டா, கொடுத்தத வாங்கிக்கன்னு சொல்வாங்க. வேலையில இருக்கறவ கேட்டாத்தான் சம்பளம் பேச முடியும்.”

தேடுவதற்கு லீவு வேண்டுமே. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை உண்டு. மற்ற நாளில் லீவு கேட்டால் யாராவது செத்திருக்க வேண்டும். என் உறவில் செத்துப்போகத் தகுதியான இருவரை முந்தின வருடமே, இரண்டு கல்யாணங்களுக்குப் போவதற்காக, பயன்படுத்திவிட்டேன்.

அக்கா தன் கன்னத்தைத் தொட்டுக்காட்டினார். அவருக்கு முன்பு ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்திருந்தார்கள். காய்ச்சல் என்றால் ஒரு நாள், ரூட் கெனால் என்றால் திரும்பத் திரும்பப் போக வேண்டும், கடைசியில் பல்லுக்கு மேல் தொப்பி மாட்ட அளவெடுக்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள். யாரும் வாயைத் திறந்து பார்க்கமாட்டார்கள். இவ்வளவு அழகான நோய் இருக்கும்போது சொந்தக்காரர்களை ஏன் கொல்ல வேண்டும் என்றார்.

இப்படித்தான் எனக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது.

முதல் இன்டர்வியூ பெரம்பலூரிலேயே, ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீஸில். பழைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். மீட்டிங், நிற்க வைத்தது, முருகன் எல்லாம். தாளாளர் ரசித்துக் கேட்டார். கேட்டுவிட்டு, இங்கேயும் பெற்றோர் கத்துவார்கள், அதையும் நாளைக்கு இன்னொரு இடத்தில் போய் இப்படி அழகாகச் சொல்வீர்கள் அல்லவா என்றார். அத்தோடு சரி. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர், கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைச் சொல்ல நீ என்ன கோர்ட்டுக்கா போனாய் என்றார். அடுத்த வாரம் முழுக்க, குட்டியானையில் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து என்னைக் கேள்வி கேட்டுப் பழக்கினார். ‘இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்’ என்பதைச் சிரிக்காமல் சொல்ல எனக்குச் சில நாள் பிடித்தது.

இதற்கிடையில் பல்லைப் பராமரிப்பது பெரும்பாடாகிவிட்டது. ஷோரூமில் யாராவது பிறந்தநாளுக்கு முறுக்கு கொண்டுவந்தால் இடது பக்கமாகவே கடிக்க வேண்டும். ஒரு நாள் மறந்துபோய் கரும்பைக் கடித்துவிட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டார். “எந்தப் பக்கம்மா பல்லு?” என்று கேட்டார். நல்ல வேளையாக வாய் நிறையக் கரும்பு இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என் பல்லில் அக்கறை காட்டத் தொடங்கினார். எத்தனை தடவை போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் அரை நாளா முழு நாளா, டாக்டர் சீட்டு ஏதாவது கேட்கிறார்களா என்றெல்லாம் விசாரித்தார். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து, அக்காவிடம் பாடம் கேட்டு, நரம்பு வரைக்கும் விளக்கினேன்.

இரண்டாவது இன்டர்வியூ ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜைக்கு. இந்தத் தடவை நான் பொய்யைச் சரளமாகச் சொன்னேன். அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது. நாளை மறுநாள் வந்துவிடுங்கள் என்றார்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் வர முடியும் என்றேன். பிரசவத்துக்குப் போன பெண்ணின் இடம், ஒரு மாதம் எப்படி மேஜையைக் காலியாக வைப்பது என்றார்கள். வேலையே இல்லாமல் வீட்டிலிருந்த ஒரு பெண்ணுக்கு, எனக்கு அடுத்து வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு, அந்த வேலை போயிற்று.

எனக்கு அழுகை வந்தது. வேலையில் இருந்தால்தான் மதிப்பு என்று நம்பித்தானே இருந்தேன். இப்போது வேலையில் இருந்ததாலேயே வேலை போய்விட்டது. வீட்டுக்கு வந்து, நாளைக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், ஒரு மாதம் கழிந்தால் எங்கே கூப்பிட்டாலும் உடனே போகலாம் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அந்த வாரம் குட்டியானைக்கு வேலை இல்லை.

“அவசரப்படாத. இன்னொரு எடம் பாத்துட்டு வுடலாம்,” என்றார்.

நாங்கள் இருவரும் எப்போது கட்சி மாறினோம் என்று தெரியவில்லை. அவர் என் பழைய வாதங்களை வரி மாறாமல் எனக்கே சொன்னார், நான் அவருடைய கோபத்தைக் கடன் வாங்கிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தீபாவளி வரை தேடுவது. அதுவரை கிடைக்காவிட்டால், அவர் வண்டிக்கு ட்ரிப்பு மும்முரமாக இருக்கும் வெங்காய அறுவடையைப் பார்த்து எழுதிக்கொடுத்துவிடுவது. அதுவரை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாட்ஸ்அப் குரூப்பைப் பார்ப்பதில்லை.

ஒரு முடிவு தேதி வந்துவிட்டதும் எனக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது. மீட்டிங்கில் மேனேஜர் கத்தும்போது, இன்னும் கொஞ்ச நாள் தானே என்று அவர் சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருப்பேன். வாடிக்கையாளர்களிடம், கம்பெனி கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதையே சொல்லுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதிசயமாகப் பத்து போடுகிறவர்கள் கூடினார்கள். மேனேஜருக்குக் காரணம் புரியவில்லை, பல் சரியாகி வருவதால்தான் நன்றாகப் பேசுகிறேன் என்று மீட்டிங்கில் சொன்னார்.

மூன்றாவது இன்டர்வியூ அரியலூரில், ஒரு சிமெண்ட் மொத்த வியாபாரியின் ஆபீஸில். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை, லாரி எங்கே நிற்கிறது என்று கடைக்காரர்களுக்குப் போனில் சொல்லும் வேலை. விற்பனை மேற்பார்வைக்கும் ஓர் ஆளை அன்றே பார்க்கிறார்கள் என்று போனில் சொல்லியிருந்தார்கள். பல்லுக்குத் தொப்பி மாட்டும் நாள் என்று லீவு சொன்னேன். மேனேஜரிடம் நேரில் கேட்கத் தேவையிருக்கவில்லை, அவரும் அன்று லீவு என்றார்கள்.

காலையில் பஸ் ஏறினேன். முன்னும் பின்னும் சிமெண்ட் லாரிகள், அரியலூர் நெருங்க நெருங்கச் சாலையோர மரங்களின் இலையெல்லாம் சாம்பல் நிறம். ஆபீஸைக் கண்டுபிடித்து உள்ளே போனால், சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பழக்க தோஷத்தில் நான் “குட் மார்னிங் சார்” என்றேன். அவர் பதற்றத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

“இன்னைக்கு உங்களுக்குப் பல்லுதானே?” என்றார்.

“ஆமாங்க சார். உங்களுக்கு?”

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கும் பல்லுதாம்மா,” என்றார். “ஓனர்கிட்ட ரூட் கெனால்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க சொன்னதெல்லாம் அப்படியே சொன்னேன், நம்பிட்டாரு.”

நான் சிரிக்கக் கூடாது என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பல் வலிக்காரி மாதிரியேதான் இருந்திருப்பேன்.

எங்களை ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். முடிந்து வெளியே வந்தபோது அவர் எனக்காகக் காத்திருந்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே டீ வாங்கிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் டீ. எங்களிடம் அவர் கத்துவதற்கு முன்னால் தினமும் காலையில் ஓனர் அவரிடம் போனில் கத்துவாராம். ஓனரிடம் கம்பெனிக்காரர்கள் கத்துவார்களாம். ஒரு வருடமாக அவரும் வேறு இடம் தேடுகிறாராம். அப்படியிருந்தால் ஏன் இன்னும் எழுதிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“ஒரு தடவ அப்படித்தாம்மா ரோசப்பட்டு வுட்டேன். அப்பறம் பல மாசம் மாமனார் வூட்டுல சாப்பாடு. கறிக்கொழம்பு ஊத்தறப்ப அவரு ஒரு பார்வ பாப்பாரு. அதுக்கு இந்த ஓனர் எவ்வளவோ தேவல.”

எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. பாவமாக இருந்த அதே நேரத்தில் இன்னொரு கவலையும் வந்தது. எங்கள் இரண்டு பேருக்குமே இங்கே வேலை கிடைத்துவிட்டால்? ஊரை மாற்றி, பஸ் ஏறி வந்து, மறுபடியும் இவர் மீட்டிங்கில் நிற்பதற்கா?

கிட்டத்தட்ட அப்படியேதான் நடந்தது. சிமெண்ட் முதலாளி போன் செய்து, என்னை எடுத்துக்கொள்வதாகவும், ஒரு மாதம் பொறுப்பதாகவும் சொன்னார். உங்களோடு வந்த பெரம்பலூர்க்காரரையும் விற்பனைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், உங்கள் மேனேஜர்தானே, எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, நல்லதாகச் சொல் என்று கையைக் காட்டினார். நான் சொன்னேன், அவருக்கு ஊர் ஊராகக் கடைகள் தெரியும், உழைப்பாளி, ஆனால் அவருக்குக் கீழேதான் என் வேலை என்றால் நான் வரவில்லைங்க என்று. என் வீட்டுக்காரர் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி சத்தமாகச் சிரித்தார். விற்பனைக்காரருக்கு இடம் ஜெயங்கொண்டம் கிடங்கில், நீங்கள் அரியலூர் ஆபீஸில் எனக்கு நேராகத்தான் பதில் சொல்வீர்கள் என்றார். சம்பளத்தையும் வேலைக்குச் சேரும் தேதியையும் மெயிலில் அனுப்பச் சொன்னேன். அது வந்து சேரும் வரை ஷோரூமில் மூச்சு விடவில்லை. இது அக்கா சொல்லிக்கொடுத்தது, வாய்ச்சொல்லை நம்பி எழுதிக்கொடுக்கக் கூடாதென்று.

மெயில் வந்த மறுநாள் ஒரு சிக்கல். என் ராஜினாமா மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டும். அவருக்கும் அதே மாதிரி மெயில் வந்திருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு வாரம் பொறுத்துக் கொடுங்கள், நான் முதலில் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் முந்தினால் உங்கள் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஓனர் என்னைப் பிடித்துக்கொள்வார் என்றார். நியாயம்தான். ஆனால் மீட்டிங்கில் நின்ற நாட்களெல்லாம் ஞாபகம் வந்தது. “ஓனருக்கே மெயில் அனுப்பிட்டேனே சார்,” என்றேன். அனுப்பவில்லை. என் மேஜைக்குப் போய் அனுப்பினேன்.

அன்று மத்தியானமே ஓனர் வந்துவிட்டார். மேனேஜரையும் என்னையும் சேர்த்து உட்கார வைத்தார். ஏன் போகிறாய் என்று மேனேஜர்தான் கேட்க வேண்டும், அது அவர் கடமை. முகத்தில் ஒரு சலனம் இல்லாமல் கேட்டார்:

“ஏம்மா, இங்க உங்களுக்கு என்ன கொற?”

“ஒரு கொறையும் இல்லைங்க சார். இன்னும் கத்துக்கணும்னு ஆசப்படறேன்,” என்றேன். குட்டியானைப் பயிற்சி வீண்போகவில்லை.

நல்ல ஸ்டாஃப், இப்போதுதான் பத்து கூடியிருக்கிறது, விட்டுவிடாதீர்கள் சார் என்று மேனேஜர் ஓனரிடம் சொன்னார். நான் போனால்தானே அவருக்குச் சிக்கல். ஓனர் உடனே சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார், சிமெண்ட் ஆபீஸ் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. நான் தடுமாறியது உண்மை. தினமும் பஸ் செலவு வேறு மிச்சம். பத்து வாங்கும் போன் வேலையை மட்டும் எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். அது இல்லாமல் உனக்கு என்ன வேலை என்று ஓனர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்தைப் பார்த்ததும் எனக்குத் தெளிந்துவிட்டது. ஒரு மாதம் முடிந்ததும் போய்க்கொள்கிறேன் என்றேன்.

அந்த ஒரு மாதம் நன்றாகவே போயிற்று. புதிதாக வந்த பெண்ணுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். பலகாரத்தை இரண்டு பக்கமும் தாராளமாகக் கடித்தேன். கடைசி நாள் அக்கா என் கணக்கை முடித்து, விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ் இரண்டையும் கையில் கொடுத்து, பி.எஃப். கணக்கில் தேதி போட்டாயிற்று என்று கண் சிமிட்டினார்.

மேனேஜர் எனக்குப் பின்னால் ஒரு வாரம் கழித்து எழுதிக்கொடுத்தார். ஓனர் அவருக்கும் சம்பளம் கூட்டுகிறேன் என்றார். அவர் வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார். ஜெயங்கொண்டம் கிடங்குக்கு வேறு யாரோ வந்தார்கள்.

இப்போது தினமும் பஸ்ஸில் அரியலூர் போய் வருகிறேன். இங்கேயும் கத்துகிறார்கள். ஆண்டிமடத்துக் கடைக்காரர் ஒருவர், லாரி ஒரு மணி நேரம் தாமதமானால் என் பரம்பரையையே விசாரிப்பார். ஆனால் சாயங்காலம் ஆபீஸைப் பூட்டினால் போனும் அடங்கிவிடுகிறது. என் வீட்டுக்காரர், அன்றைக்கே விட்டிருந்தால் இத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறார். அந்த மாதங்களில் வண்டித் தவணையை யார் கட்டியிருப்பார்கள் என்று நான் கேட்டால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

போன வாரம் மேனேஜர் போன் செய்தார். கூட்டிய சம்பளத்துக்குச் சேர்த்து ஓனர் இப்போது காலையிலும் மாலையிலும் கத்துகிறாராம். அங்கே ஏதாவது இடம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறது. ஜெயங்கொண்டம் விற்பனைக்காரர் அடுத்த மாதம் போகிறார். விசாரித்துச் சொல்கிறேன் சார் என்றேன்.

இன்னும் விசாரிக்கவில்லை. இந்த வாரம் முழுக்க எனக்கு லாரி வேலை அதிகம்.